பொருளாளர் போனில் இருந்த 1,905 படங்கள்

நேற்று, பிப்ரவரி 9, இரவு பதினொரு மணிக்கு மடிக்கணினித் திரையில் 0 என்று ஒரு எண் வந்தது. அழித்த ஸ்கிரீன்ஷாட்டும் ரசீதும் ஒன்றுகூட என் போனில் ஒளிந்திருக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்க்க எனக்கு மூன்று வாரமும் ஒரு புது யூஎஸ்பி கேபிளும் ஆயின. கேபிளுக்கு 199 ரூபாய். மற்றபடி செலவு இல்லை.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள். மூன்று வருடமாக நான்தான் சங்கப் பொருளாளர். மாதா மாதம் பராமரிப்புப் பணத்தை யூபிஐயில் அனுப்பிவிட்டு, அதன் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் போடுவார்கள். "சார், அனுப்பிட்டேன்" என்று ஒரு வரி, கீழே பச்சை டிக் போட்ட படம். தண்ணீர் லாரி, லிப்ட் மெக்கானிக், வாட்ச்மேன் சம்பளம் என்று நான் கட்டியதற்கும் அதேபோல் எடுத்து வைத்தேன். யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதற்கு ஆதாரமாக எடுத்த சாட் படங்கள் தனி.

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்த தங்கை மகன், கோலப் படம் தேடுகிறேன் என்று எங்கள் டேப்லெட்டை எடுத்தான். அதில் இருப்பதும் என் கூகுள் கணக்குதான். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, 3பி சாருக்கு பேங்க் பேலன்ஸ் இவ்ளோவா?" என்றான். பணம் அனுப்பிய கையோடு பேலன்ஸையும் பார்த்துவிட்டு அந்தத் திரையைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார் அவர். எனக்கு முகம் சிவந்துவிட்டது. என் பதவிக்காலமும் முடியப்போகிறது. எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஜனவரி 18, சனிக்கிழமை இரவு. போனோடு வந்த கேலரியைத் திறந்து, Screenshots ஆல்பத்தில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். 1,143 படங்கள். அழி என்றேன், ஆல்பமே மறைந்துவிட்டது. பத்து நிமிட வேலை என்று போய்ப் படுத்துவிட்டேன். இந்த ஒரே செயலில் மூன்று தவறு செய்திருந்தேன். அவை ஒவ்வொன்றாகத்தான் எனக்குத் தெரியவந்தன.

முதல் தவறு நாலு நாளில் தெரிந்தது. டேப்லெட்டைத் திறந்தால் கூகுள் போட்டோஸில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. யோசித்தால் நியாயம்தான். போன் கேலரிக்குப் போனில் உள்ள கோப்பு மட்டும்தான் தெரியும். அந்தப் படங்களின் பிரதி எப்போதோ மேகக்கணக்குக்குப் போய்விட்டது. போனில் இருப்பதை அழித்தால் மேலே இருக்கும் பிரதிக்கு ஒன்றும் ஆகாது. அழிக்க வேண்டுமானால் கூகுள் போட்டோஸ் செயலிக்குள்ளேயோ, கணினியில் photos.google.com போயோ அழிக்க வேண்டும். தங்கை மகன் போன் பேசும்போது Free up space என்று ஒரு பொத்தான் இருக்கிறதே என்று ஞாபகப்படுத்தினான். நல்லவேளை, அழுத்துவதற்கு முன் படித்துப் பார்த்தேன். அது நேர் எதிர் வேலை செய்வது. மேலே பத்திரமாக ஏறிவிட்டவற்றைப் போனிலிருந்து மட்டும் எடுத்துவிடும். இடம் காலியாகும், எந்தப் படமும் கணக்கைவிட்டுப் போகாது.

ஆனால் அந்த முதல் தவறுதான் இரண்டாவது தவறிலிருந்து என்னைக் காப்பாற்றியது. 1,143 படங்களையும் ஒரே மூச்சில் தேர்ந்தெடுத்தபோது அதில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. டேப்லெட்டில் உருட்டிக்கொண்டே போகும்போது, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வீடியோ காலில் எடுத்த மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகள் கண்ணில் பட்டன. மூக்கில் குழாயோடு கையை ஆட்டுகிறார். அவருடைய கடைசிப் படங்கள் அவை. மேகக்கணக்கிலிருந்தும் அன்றே அழித்திருந்தால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அதனால் அடுத்த சுற்றை நிதானமாகச் செய்தேன். முதலில் படங்கள் மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். கூகுள் போட்டோஸ் அமைப்புகளில் Backup, அதற்குள் Back up device folders. அங்கே போனில் உள்ள ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு சுவிட்ச் இருக்கும். Screenshots, WhatsApp Images இரண்டையும் அணைத்தேன். இதனால் ஏற்கெனவே ஏறியது இறங்கிவிடாது, இனிமேல் ஏறாது, அவ்வளவுதான். கேமரா படங்களின் பேக்கப் தொடர்ந்து நடக்கும்.

பிறகு மடிக்கணினியில் photos.google.com போய், அங்கே ஸ்கிரீன்ஷாட் வகையைத் திறந்தேன். போனில் கட்டைவிரலால் ஆயிரம் படங்களைத் தேய்ப்பதைவிட இது பல மடங்கு சுலபம். முதல் படத்தின் மூலையில் டிக் போட்டு, கீழே உருட்டிப் போய், Shift விசையை அழுத்தியபடி கடைசிப் படத்தைத் தொட்டால் இடையில் உள்ள எல்லாம் தேர்வாகிவிடும். ஒரே தடவையில் ஆயிரத்தைத் தேர்ந்தெடுக்கப் போனால் பக்கம் திணறியது. முந்நூறு முந்நூறாகச் செய்தேன். வேண்டிய படங்களைத் தேர்விலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினேன். அப்பா படங்கள், மகளின் ஹால் டிக்கெட், ஒரு சாம்பார் பொடி அளவு என்று 45 தேறின. இந்த 45-ஐ ஒரு ஆல்பத்தில் போட்டுவிட்டால் அழியாது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. ஆல்பம் என்பது படத்தைச் சுட்டுகிற பட்டியல் மாதிரிதான். மூலப் படத்தை அழித்தால் ஆல்பத்திலிருந்தும் போய்விடும்.

ஸ்கிரீன்ஷாட் வகை முடிந்ததும் பாதி வேலைதான் முடிந்திருந்தது. மற்றவர்கள் அனுப்பிய ரசீதுகள் என் போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இல்லை, வாட்ஸ்அப் வழியாக வந்த சாதாரணப் படங்கள். கல்யாணப் போட்டோ, காலை வணக்கம் ரோஜாப்பூ, பில் எல்லாம் கலந்து கிடக்கின்றன. இங்கே கைகொடுத்தது தேடல் பெட்டி. படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் அது தேடும். UTR, UPI transaction ID, Paid to, Transaction successful என்று நான்கு தடவை தேடினேன். ஒவ்வொரு செயலியின் ரசீதிலும் சொற்கள் வேறு வேறு என்பதால் ஒரு சொல்லோடு நிறுத்தக் கூடாது. நான்கும் சேர்ந்து 762 ரசீதுகளைக் கொடுத்தன. நடுவில் மளிகைக் கடை க்யூஆர் அட்டையும் ஒரு கரண்ட் பில்லும் வந்து நின்றன, அவற்றை விட்டுவிட்டேன்.

1,098 ஸ்கிரீன்ஷாட், 762 ரசீது. ஆக மொத்தம் 1,860 படங்கள் Bin-க்குப் போயின. எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்பீர்கள். சுமார் 640 எம்பி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துக் கிடைக்கும் 15 ஜிபியில் அது ஒரு ஓரம்கூட இல்லை. இடத்துக்காக இதைச் செய்வதாக இருந்தால் விட்டுவிடுங்கள், நாலு வீடியோவை அழித்தால் போதும்.

Bin-ஐக் காலி செய்யக் கை போனபோது செயலாளர் அம்மாவிடமிருந்து போன். "சார், 2ஏ வீட்டுல ஆகஸ்ட் மாசம் கட்டிட்டோம்ங்கிறாங்க. உங்க லிஸ்ட்ல இல்லையே?" வங்கிக் கணக்கு அறிக்கையைப் பார்த்தேன். அந்த மாதம் 2ஏ உரிமையாளர் பெயரில் எந்த வரவும் இல்லை. Bin-க்குள் போய்த் தேடினால் படம் இருக்கிறது. பணம் அனுப்பியது அவருடைய மருமகன், வேறு இனிஷியல், வேறு வங்கி. ரசீதில் இருந்த 12 இலக்க யூடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணை, அறிக்கையில் தேடினேன், ஆகஸ்ட் 7-ஆம் தேதி வரவில் அப்படியே உட்கார்ந்திருந்தது. மூன்றாவது தவறு இதுதான். எதை எழுதி வைக்க வேண்டும் என்று யோசிக்காமலே அழிக்கப் போயிருக்கிறேன்.

கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் Bin-இல் 60 நாள் இருக்கும். அதனால் அவசரமில்லாமல் உட்கார்ந்து ஒரு வேலை செய்தேன். 762 ரசீதுகளையும் எழுதத் தேவையில்லை, ஏனென்றால் அந்த எண் வங்கி அறிக்கையில் ஏற்கெனவே இருக்கிறது. அனுப்பியவர் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் ஒத்துப்போகாதவை மட்டும்தான் பிரச்சினை. துபாயில் இருக்கும் மகன் உள்ளூர்க் கணக்கிலிருந்து கட்டியது, வாடகைக்காரரின் அண்ணன் கட்டியது, ஒருவர் கடைக் கணக்கிலிருந்து கட்டியது. இப்படி 41 தேறின. தேதி, வீட்டு எண், தொகை, யூடிஆர் என்று நான்கு பத்தியில் ஒரு விரிதாளில் ஏற்றினேன். ஒரு மணி பத்து நிமிடம். மூன்று வருடம் நான் சேர்த்து வைத்த படங்களின் உண்மையான சாரம் அந்த 41 வரிகள்தான். ஒரு படத்தில் பச்சை டிக்குக்குப் பதில் மஞ்சளாக Processing என்று இருந்தது. பணம் வந்ததாக அன்றைக்கு நானும் குறித்திருக்கிறேன். அறிக்கையில் அந்த 2,500 ரூபாய் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பி வரவு வைத்ததற்கு எனக்குக் கிடைத்த குட்டு.

பிப்ரவரி 8 அன்று Empty bin அழுத்தினேன். இதற்குமேல் பயனர் கையில் மீட்க வழியில்லை. கூகுளின் சொந்தக் கணினிகளிலிருந்து முழுதாக நீங்கச் சுமார் இரண்டு மாதம் ஆகும், அவர்களுடைய காப்புப் பிரதிகளில் ஆறு மாதம் வரைகூட இருக்கலாம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அது என் கட்டுப்பாட்டில் இல்லை.

அடுத்து போன். கணினியில் அழித்துவிட்டதால் போனில் உள்ள வாட்ஸ்அப் படங்கள் தானாகப் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. கூகுள் போட்டோஸ் செயலி Review out of sync changes என்று ஒரு அறிவிப்பு காட்டியது. மேலே அழித்த இந்தப் படங்கள் போனில் இன்னும் இருக்கின்றன, இங்கேயும் அழிக்கட்டுமா என்று கேட்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல் இன்னொரு செயலியின் கோப்பை இப்படி நீக்கப் பயனரின் அனுமதி வேண்டும். அந்த அறிவிப்பை ஒதுக்கித் தள்ளினால் போனில் பிரதி அப்படியே தங்கிவிடும். சரி என்றேன், 762 படங்களும் போயின.

போயினவா? இங்கேதான் அந்தப் புது கேபிள் வருகிறது. கேலரியில் எதுவும் தெரியவில்லை என்றாலும், முதல் நாள் அழித்ததைக்கூட நான் எங்கேயும் காலி செய்யவில்லையே என்று ஒரு சந்தேகம். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்ப உதவும் கூகுளின் platform-tools தொகுப்பை மடிக்கணினியில் இறக்கினேன். போனில் Build number மீது ஏழு தடவை தட்டி, USB debugging-ஐ இயக்கினேன். வீட்டில் இருந்த கேபிள் சார்ஜ் ஏற்றுவது மட்டும்தான், தகவல் போகாது என்று அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. கடைக்குப் போய் வேறு வாங்கி வந்து, போனின் குப்பைக்கூடையில் கிடக்கும் கோப்புகளை எண்ணும் இந்தக் கட்டளையை அடித்தேன்:

```
adb shell "find /sdcard/ -name '.trashed-*' 2>/dev/null | wc -l"
```

1905 என்று பதில் வந்தது. 1,143-ஐயும் 762-ஐயும் கூட்டிப் பாருங்கள். ஒரு படம்கூட போனைவிட்டுப் போகவில்லை! எண்ணிக்கை கேட்கும் கடைசித் துண்டை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் பெயர்களே வந்தன. அவற்றில் ஒன்று:

```
/sdcard/DCIM/Screenshots/.trashed-1739807067-Screenshot_20231105-101233.png
```

கோப்பு வேறெங்கும் நகரவில்லை. இருந்த கோப்புறையிலேயே, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு எண்ணும் சேர்த்து ஒளித்து வைத்திருக்கிறது. புள்ளியில் தொடங்கும் பெயர்களைக் கேலரி காட்டாது. அந்த எண் என்னவென்று போனையே கேட்டேன்:

```
adb shell date -d @1739807067
```

2025 பிப்ரவரி 17, இரவு 9:14. நான் அழித்த ஜனவரி 18 இரவிலிருந்து சரியாக முப்பது நாள். ஆண்ட்ராய்டின் பொதுக் குப்பைக்கூடை இப்படித்தான் வேலை செய்கிறது, பெயரிலேயே காலாவதித் தேதியை எழுதி வைத்துவிடுகிறது. அதுவரை ஒரு கோப்பு மேலாளரில் மறைந்த கோப்புகளைக் காட்டு என்று சொன்னால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கணினி இல்லாதவர்கள் அப்படியே சோதித்துக்கொள்ளலாம், கேபிள் செலவு மிச்சம். சில போன்களின் கேலரி இந்தப் பொது முறையைவிட்டுத் தன் சொந்தக் கூடை ஒன்றை வைத்திருக்கும். அந்தப் போன்களில் இந்தக் கட்டளை 0 காட்டினாலும் கேலரிக்குள் போய் அதன் கூடையையும் பார்த்தால்தான் உறுதி.

காலி செய்வதற்கு முன் இன்னொரு இடத்தையும் எட்டிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் படத்துக்கும் அது ஒரு பிரதி எடுத்து வைக்கும்:

```
/sdcard/Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images/Sent
```

இந்த Sent கோப்புறைக்குள் .nomedia என்று ஒரு வெற்றுக் கோப்பு கிடக்கும். அது இருந்தால் கேலரிகள் அந்தப் பக்கமே வராது, பேக்கப்பும் எடுக்காது. அதனால்தான் இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. உள்ளே 412 படங்கள். செயலாளர் அம்மாவுக்கும் மனைவிக்கும் நான் அனுப்பிய சாட் ஸ்கிரீன்ஷாட்டுகளில் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. லிப்டில் நாய் ஏற்றுவது பற்றிய சண்டை மட்டும் 14 படம். மனைவிக்கு அனுப்பியதில் என் கமெண்ட் வேறு. கோப்பு மேலாளரில் திறந்து 412-ஐயும் அழித்தேன். சாட்டில் அந்த இடங்களில் மங்கலான சின்னப் படம் மட்டும் நிற்கிறது.

உண்மையில் இதற்கு வாட்ஸ்அப்புக்குள்ளேயே நேரான வழி இருக்கிறது, நான் பிறகுதான் பார்த்தேன். Settings, Storage and data, Manage storage. அங்கே ஒவ்வொரு சாட்டும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். சங்கக் குழுவைத் தொட்டு, படங்களைத் தேர்ந்தெடுத்து அழித்தால் கோப்பும் மங்கல் படமும் சேர்ந்தே போகும். அதை முடித்துவிட்டு, வாட்ஸ்அப்பின் சாட் பேக்கப்பை உடனே ஒருமுறை கையால் எடுத்தேன். இல்லாவிட்டால் டிரைவில் இருக்கும் பழைய பேக்கப்பில் இந்தப் படங்கள் அப்படியே இருக்கும், நாளைக்குப் போன் மாற்றினால் எல்லாம் திரும்பி வந்து சேரும்.

கடைசியாகக் கேலரியின் குப்பைக்கூடை, கோப்பு மேலாளரின் குப்பைக்கூடை இரண்டையும் திறந்து காலி செய்துவிட்டு அந்த முதல் கட்டளையை மறுபடி ஓட்டினேன். 0. USB debugging-ஐ உடனே அணைத்தேன், மறந்துவிடக் கூடாத விஷயம் அது.

என்னால் தொட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. மனைவியின் கணக்கோடு பார்ட்னர் ஷேரிங் போட்டிருந்தேன், அவள் பக்கம் எல்லாப் படங்களையும் சேமி என்று இருந்தது. அவள் கணக்கில் சேமிக்கப்பட்டவை அவளுடைய படங்கள், நான் அழித்ததால் அங்கே அழியாது. அவளிடம் சொன்னேன். "அந்த நாய்ச் சண்டை படத்தை மட்டும் வெச்சுக்கறேன்" என்கிறாள். மற்ற 23 வீட்டுப் போன்களைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இன்னொரு தடவை செய்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் விரிதாள், வங்கி அறிக்கையோடு ஒத்துப்பார்த்து. அடுத்தது பேக்கப் சுவிட்ச். பிறகு வாட்ஸ்அப்பின் Manage storage, பாதிப் படங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். அதன்பின் photos.google.com, கடைசியில்தான் போன் கேலரி. நான் கடைசியிலிருந்து தொடங்கி முதலுக்கு வந்தேன், அதனால்தான் மூன்று வாரம். ரசீது வந்த அன்றே யூடிஆர் எண்ணைக் குறித்துவிட்டுப் படத்தை அழித்திருந்தால் மாதம் 24 படம், பத்து நிமிட வேலை. புதுப் பொருளாளரிடம் இதைச் சொன்னேன். படம் வேண்டாம், எண்ணை மட்டும் தட்டச்சு செய்து அனுப்புங்கள் என்று குழுவில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை தங்கை மகன் ஒரு சார்ஜரை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தான். டேப்லெட்டைக் கொடுத்து, எதையாவது கண்டுபிடி பார்க்கலாம் என்றேன். UTR என்று தேடினான், Paid to என்று தேடினான். பேலன்ஸ் என்று தமிழிலும் தேடினான். மாடிப்படிக்குக் கீழே ஒட்டியிருந்த சங்கத்தின் க்யூஆர் அட்டையின் போட்டோ மட்டும் வந்தது. "இது இருக்கட்டுமா மாமா?" என்றான். இருக்கட்டும் என்றேன்.